தராசு 890 கிராம் காட்டுகிறது, கூரியர் ஒன்றரைக் கிலோவுக்குப் பிடிக்கிறது

வணக்கம் சார். சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே ஜவ்வரிசி வடகம் போட்டு ஆன்லைனில் விற்கிறேன். மூன்று பாக்கெட் கொண்ட பெட்டி, கட்டி முடித்து எடை போட்டால் 890 கிராம் வருகிறது. கூரியர் தளத்தில் 0.9 கிலோ என்றுதான் போடுகிறேன். ஆனால் இந்த மாதம் 11 பார்சலுக்கு "எடை வித்தியாசம்" என்று வாலெட்டிலிருந்து 708 ரூபாய் எடுத்துவிட்டார்கள். தராசில் வைத்து எடுத்த போட்டோவுடன் ஒரு பார்சலுக்கு மட்டும் ஆட்சேபணை போட்டுப் பார்த்தேன், "ஆதாரம் போதாது" என்று தள்ளிவிட்டார்கள். எடை கண்ணுக்குத் தெரிகிற போட்டோவைவிட வேறு என்ன ஆதாரம் கொடுப்பது? பட்டியலும் போட்டோவும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, சேலம்

வணக்கம் சகோதரி. பட்டியலை அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பதினொன்றையும் ஒரே பிரச்சினை என்று நினைத்துத்தான் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வரிசையாகப் பார்த்தால் இதில் மூன்று வகை இருக்கிறது. இரண்டு பார்சலில் தப்பு முழுக்க கூரியர் பக்கம். ஏழு பார்சலில் எடையைப் பற்றிப் பேச்சே இல்லை, அளவைப் பற்றித்தான். மீதி இரண்டில், கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் பிடித்தது சரி.

முதலில் அந்த ஏழு. இவற்றில் கூரியர் காட்டும் எடை 1.32 கிலோ. அதே வரியில் பக்கத்தில் 30, 22, 10 என்று மூன்று எண் இருக்கிறது பாருங்கள். அது சென்டிமீட்டர் கணக்கில் நீளம், அகலம், உயரம். மூன்றையும் பெருக்கினால் 6600, அதை 5000-ஆல் வகுத்தால் சரியாக 1.32. அதாவது இது தராசில் வந்த எடையே இல்லை, பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்வது. வால்யூமெட்ரிக் எடை என்பார்கள். உண்மை எடை, இந்த எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம், அதையும் அரைக் கிலோ அரைக் கிலோவாக மேலே ஏற்றித்தான் போடுவார்கள், அந்தப் படிக்குப் பெயர் ஸ்லாப், 1.32 என்றால் ஒன்றரைக் கிலோ ஸ்லாப். வகுக்கும் எண் எல்லா இடத்திலும் 5000 இல்லை, சிலர் 4000 வைத்திருக்கிறார்கள், உங்கள் கட்டண அட்டையில் இருக்கும். உங்கள் பட்டியலில் 5000 பொருந்தி வருவதால் அதையே வைத்துப் பேசுகிறேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவர்கள் "உங்கள் பெட்டி பெரிசு" என்கிறார்கள், நீங்கள் பதிலுக்கு "என் பெட்டி லேசு" என்று போட்டோ காட்டுகிறீர்கள். 890 கிராம் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆட்சேபணையைப் பார்க்கிற ஆள் ஒரு நாளைக்கு எத்தனையோ படங்களைத் தள்ளிவிட்டுப் போகிறவர், கேட்ட எண்ணுக்குப் பதில் படத்தில் இல்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுவார். கூரியர் பில்லிங்கில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அங்கே யாருக்கும் உங்கள் மேல் பகை கிடையாது, நேரம்தான் கிடையாது.

சரி, உங்கள் பெட்டி 22-க்கு 16-க்கு 10. அவர்கள் அளந்தது 30-க்கு 22-க்கு 10. உயரம் அப்படியே இருக்கிறது, நீளத்தில் 8, அகலத்தில் 6 கூடியிருக்கிறது. பெட்டியை மாற்றி அளந்திருந்தாலோ இரண்டு பார்சலைச் சேர்த்து அளந்திருந்தாலோ ஏழு பார்சலிலும் இப்படி ஒரே மாதிரி எண் வருவது அபூர்வம். நீங்கள் அனுப்பிய இரண்டாவது போட்டோவில் விடை இருக்கிறது. அட்டைப்பெட்டியை அதைவிடப் பெரிய பிளாஸ்டிக் கூரியர் கவரில் போட்டு, வாயை ஒட்டிவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் ஒட்டிய வாய் நீட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் கவரின் ஓரம் காது மாதிரி விறைப்பாக நிற்கிறது. ஹப்பில், அதாவது பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற இடத்தில், பார்சல் பெல்ட்டில் ஓடும்போது மேலே இருக்கிற ஸ்கேனர் எது வெளியே நீட்டுகிறதோ அந்த முனை வரைக்கும் அளந்துகொள்ளும். உள்ளே பெட்டி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. சேலத்தில் பிக்கப் எடுத்துப் போகிற பையன் கையில் தூக்கிப் பார்த்து ஒன்றும் சொல்லாததற்குக் காரணமும் இதுதான், அளக்கிற வேலை பெரும்பாலும் பெங்களூரோ சென்னையோ பெரிய ஹப்புக்குப் போன பிறகுதான் நடக்கிறது.

இந்த ஏழுக்கும் ஆட்சேபணை போடலாம், ஆனால் வேறு மாதிரி. பெட்டியின் உண்மையான அளவு 22, 16, 10, நீட்டிக்கொண்டிருப்பது மடியக்கூடிய வெறும் கவர், அதை அளவில் சேர்த்திருக்கிறார்கள், இயந்திரம் எடுத்த படத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அந்தப் பார்சல்களை நீங்கள் டேப் வைத்துப் படம் எடுக்கவில்லை, எனவே இப்போது அதே பெட்டியை அதே கவரில் போட்டு மூன்று பக்கமும் டேப் வைத்து எடுத்து, "இது அதே மாதிரிப் பெட்டி, மாதிரிக்காக எடுத்தது" என்று வெளிப்படையாக எழுதி அனுப்புங்கள். பழைய பார்சலின் படம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பட்டியலில் ஒரு பார்சல் இன்னும் டெலிவரி ஆகவில்லை என்று இருக்கிறது, அந்த வாடிக்கையாளரிடம் சொல்லி, பிரிக்கும் முன்னால் லேபிள் தெரிகிற மாதிரி, ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேட்டுப் பாருங்கள். அது கிடைத்தால் ஏழில் அது ஒன்றுதான் பலமான வழக்கு. மற்ற ஆறு ஜெயித்தால் லாபம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கவர் நீட்டிக்கொண்டிருந்தது உண்மைதானே, கூடுதல் இடம் பிடித்தது என்று அவர்கள் நின்றால் பெரிதாக வாதாட முடியாது.

அடுத்து அந்த இரண்டு. இரண்டிலும் கூரியர் காட்டும் எடை 1.78 கிலோ, அளவு கட்டத்தில் நீங்கள் கொடுத்த 22, 16, 10 அப்படியே இருக்கிறது. ஆக இது நிஜமாகவே தராசு எடை பற்றிய தகராறு. 1.78 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, 890-ஐ இரண்டால் பெருக்குங்கள். இரண்டு பார்சலும் ஒரே நாளில் எடுத்தவை, லேபிளில் இருக்கிற பார்சல் எண்களும், அதாவது ஏ.டபிள்யூ.பி. எண்களும், அடுத்தடுத்து இருக்கின்றன. பெல்ட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டோ ஒன்றின் மேல் ஒன்றோ போயிருக்கிறது, தராசு இரண்டின் எடையையும் சேர்த்துப் படித்து ஆளுக்கு ஒரு 1.78 என்று எழுதிவிட்டது. இதை நீங்கள் எழுதினால்தான் அவர்களுக்குத் தெரியும். "இந்த இரண்டு பார்சலும் ஒரே நாளில் அடுத்தடுத்த எண்ணில் எடுக்கப்பட்டவை, ஒவ்வொன்றும் 890 கிராம், உங்கள் எடை 1780 கிராம், அதாவது இரண்டின் கூட்டுத்தொகை" என்று இரண்டே வரி, இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு இரண்டு ஆட்சேபணையிலும் ஒரே மாதிரி போடுங்கள். உங்கள் தராசுப் போட்டோ உயிர் பெறுவது இந்த இடத்தில்தான். ஒரு பெட்டியில் மூன்று பாக்கெட்தான் இருக்கிறது என்பதற்கு அந்த ஆர்டரின் பில்லையும், பாக்கெட் மேல் 250 கிராம் என்று அச்சிட்ட படத்தையும் சேருங்கள். மூன்று பாக்கெட், அட்டை, கவர் எல்லாம் சேர்ந்து 1.78 கிலோ வரவே வராது என்பது அதைப் பார்த்தாலே விளங்கும்.

மீதி இரண்டு, ஐந்து பாக்கெட் ஆர்டர்கள். அதற்குப் பெரிய பெட்டி போட்டிருக்கிறீர்கள், 30-க்கு 22-க்கு 18. எடையை மட்டும் 1.44 என்று சரியாக மாற்றிவிட்டு, அளவு கட்டத்தில் பழைய 22, 16, 10-ஐ அப்படியே விட்டுவிட்டீர்கள். தளங்களில் போன ஆர்டரின் அளவு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், கவனிக்காமல் விடுவது சகஜம். பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 2.37 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, ஸ்லாப் இரண்டரைக் கிலோ. அவர்கள் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். இதற்கு ஆட்சேபணை போடாதீர்கள். தோற்கிறதோடு போகாது, ஜெயிக்க வேண்டிய இரண்டும் இதே கும்பலில் சேர்ந்து ஒரே பார்வையில் போய்விடும். அடுத்த முறை ஐந்து பாக்கெட்டுக்கு 24-க்கு 20-க்கு 15 பெட்டி கிடைக்குமா பாருங்கள், 7200-ஐ 5000-ஆல் வகுத்தால் 1.44, உங்கள் உண்மை எடையும் அதேதான். ஒன்றரைக் கிலோ ஸ்லாப்பிலேயே அடங்கிவிடும். வடகம் நொறுங்கும் என்ற பயத்தில் பெரிய பெட்டி எடுத்து உள்ளே பேப்பர் திணிக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தப் பேப்பருக்கும் சேர்த்துத்தான் கூரியர் காசு கட்டுகிறீர்கள்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கூடுதல் அரைக் கிலோவுக்கு 40 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 47.20. ஏழு பார்சல் ஒரு ஸ்லாப் ஏறியதில் 330.40 ரூபாய். 1.78 கிலோ இரண்டும் இரண்டு ஸ்லாப் ஏறியதால் 188.80. ஐந்து பாக்கெட் இரண்டும் அதே 188.80. மொத்தம் 708, பைசா பிசகாமல் வருகிறது. இதில் முதலில் சொன்ன 188.80 திரும்பி வர வேண்டிய பணம், 330.40 கேட்டுப் பார்க்க வேண்டிய பணம், கடைசி 188.80 போன பணம்.

இனி உங்கள் தராசுப் போட்டோவுக்கு வருவோம், இனிமேல் எடுக்கப் போகிறவற்றுக்காக. நீங்கள் அனுப்பியதில் தராசு எண் 890 என்று நன்றாகத் தெரிகிறது. ஆனால் பெட்டி வெறும் அட்டை, கவர் போடவில்லை, லேபிள் ஒட்டவில்லை. எந்தப் பார்சல் என்று யாரால் சொல்ல முடியும்? அதே பெட்டியை வைத்து ஆயிரம் பார்சலுக்கு அந்தப் படத்தை அனுப்பலாம். "ஆதாரம் போதாது" என்றதன் அர்த்தம் பெரும்பாலும் இதுதான். எல்லாம் முடிந்து, லேபிள் ஒட்டி, பிக்கப்புக்குத் தயாரான பிறகு எடுக்க வேண்டும், ஒரே படத்தில் லேபிளில் உள்ள ஏ.டபிள்யூ.பி. எண்ணும் தராசின் எண்ணும் இரண்டும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். சமையலறைத் தராசின் தட்டு சின்னது, 22 சென்டிமீட்டர் பெட்டியை வைத்தால் எண் தெரிகிற இடத்தை அது மூடிவிடும். பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தால் ஒரு முனை மேடையில் தட்டும், எடை குறைவாகக் காட்டும், சாய்ந்து நிற்கிற பெட்டியைப் படத்தில் பார்த்தாலே ஆள் நிராகரிப்பார். அதனால் ஒரு கனமான டம்ளரையோ சின்னக் கிண்ணத்தையோ தட்டின் நடுவில் கவிழ்த்து வைத்து, டேர் பட்டனை அழுத்திச் சுழியத்துக்குக் கொண்டு வந்து, அதன் மேல் பெட்டியை வையுங்கள். பெட்டி உயர்ந்துவிடும், எண் கீழே தெரியும். சுழியம் காட்டுவதிலிருந்து பெட்டி வைத்து எண் நிற்பது வரை வெட்டாமல் ஒரு சின்ன வீடியோ எடுத்துவிட்டால், டம்ளரை வைத்து ஏதோ தில்லுமுல்லு என்று யாரும் சொல்ல முடியாது. முடிந்தால் பெட்டியை வைப்பதற்கு முன்னால் தராசில் முத்திரை போட்ட 500 கிராம் எடைக்கல் ஒன்றை வைத்து 500 என்று காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போகும்போது ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் தராசு சரியாக ஓடுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளவும் உதவும்.

இன்னொன்று, இது நீங்கள் கேட்காதது. வடகத்தை எடை போட்டு பாக்கெட்டில் 250 கிராம் என்று அச்சிட்டு விற்கிறீர்கள் அல்லவா, அந்த வேலைக்கு வீட்டுச் சமையல் தராசு போதாது. விற்பனைக்குப் பயன்படும் மின்னணுத் தராசுக்கு எடையளவுச் சட்டப்படி முத்திரை வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் முத்திரையிட வேண்டும், நம் ஊரில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. கூரியர் தளங்கள் முத்திரைத் தராசு கேட்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் எப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் தட்டு பெரிசாக இருப்பதாக வாங்கி இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், டம்ளர் வித்தையும் தேவைப்படாது.

எடைப் படம் எடுத்த அதே இடத்தில், பெட்டியை நகர்த்தாமல், டேப்பை வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். டேப்பின் சுழியப் பக்கம் பெட்டியின் ஓரத்தில் சரியாக நிற்பதும் தெரிய வேண்டும், மறுமுனை எண்ணும் தெரிய வேண்டும், லேபிளின் ஒரு மூலையாவது படத்தில் இருக்க வேண்டும். எண்ணை மட்டும் குளோசப்பில் எடுத்தால் அது எந்தப் பெட்டியின் எண்ணோ என்றாகிவிடும். படம் எடுப்பதற்கு முன்னாலேயே கவரின் காதுகளைப் பெட்டியோடு சேர்த்து மடித்து, அகலமான டேப்பால் இறுக்கி ஒட்டிவிடுங்கள். அப்படி ஒட்டினால் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூடி 23, 17, 11 வரும், பெருக்கி வகுத்தால் 0.86 கிலோ, 890 கிராமைத் தாண்டாது. தளத்திலும் 22, 16, 10 என்று போடாமல் இந்த 23, 17, 11-ஐயே போடுங்கள். பெட்டிக் கடைக்காரர் சொன்ன அளவு பெட்டியின் அளவு, கட்டி முடித்த பார்சலின் அளவு அது இல்லை. கட்டணம் ஒரு பைசாவும் கூடப் போவதில்லை, ஆனால் அவர்கள் 23 என்று அளந்தால் நீங்களும் 23 என்று சொல்லியிருப்பீர்கள்.

படங்களை அந்தப் பார்சலின் ஏ.டபிள்யூ.பி. எண்ணிலேயே பெயர் வைத்துச் சேமியுங்கள். கட்டுவது உங்கள் மகள், ஆட்சேபணை போடுவது நீங்கள் என்றால் அவர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பக்கூடாது, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, எடுத்த தேதி நேரத்தையும் கழற்றிவிடும், லேபிள் எண்ணும் மங்கிப்போகும்.

எல்லாப் பார்சலுக்கும் இத்தனை படம் எடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். தேவையில்லை. எடைப் படம் எல்லாவற்றுக்கும் எடுங்கள், அது சில நொடி வேலை. டேப் படங்கள், புதுப் பெட்டி பயன்படுத்தும்போதும், எடை ஸ்லாப் எல்லையை ஒட்டி வரும்போதும் போதும். 490 கிராமில் ஒரு பார்சல் அனுப்பினால் அதை மட்டும் விடாதீர்கள், மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்து, ஹப்பில் 505 என்று வந்தால் அடுத்த ஸ்லாப்தான். அந்த மாதிரி பார்சலுக்கு லேசான அட்டைக்கு மாறி 470-க்குக் கீழே கொண்டு வருவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, வாதாடி ஜெயிப்பதைவிடச் சுலபம். அப்புறம், உங்கள் தளத்தில் வெயிட் ஃப்ரீஸ் என்று ஒரு வசதி இருக்கிறதா என்று மெனுவில் தேடுங்கள். சில தளங்களில் இருக்கிறது. ஒரு பொருளின் கட்டிய எடை, அளவு, படங்களை ஒருமுறை கொடுத்து அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் அந்தப் பொருளுக்கு வித்தியாசம் கிளப்ப மாட்டார்கள். மூன்று பாக்கெட் பெட்டியை ஒரு தனிப் பொருளாகப் பதிந்து செய்ய வேண்டும், தனிப் பாக்கெட்டைப் பதிந்துவிட்டு மூன்று வாங்கினார்கள் என்றால் அது செல்லாது. பெட்டியை மாற்றினால் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

திரும்பி வருகிற பார்சல் ஏதாவது இருந்தால் உடனே பிரிக்காதீர்கள். லேபிள், ஹப் ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டியபடி கூரியர் கையிலிருந்தே வருகிற அதைப்போல ஒரு ஆதாரம் கிடையாது, அப்படியே தராசில் வைத்துப் படம் எடுங்கள். ஏற்றிய எடையில்தான் திரும்பி வரும் கட்டணமும் விழும் என்பதால் அந்த ஒரு பார்சலில் நஷ்டம் இரட்டிப்பு. பட்டியலில் அதையும் தேடிப் பாருங்கள்.

இப்போது அவசரம் எது என்றால் தேதி. பல தளங்களில் வித்தியாசம் காட்டிய நாளிலிருந்து ஏழு வேலை நாள்தான் தருவார்கள். அது தாண்டினால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டு கதவை மூடிவிடுவார்கள், அப்புறம் கஸ்டமர் கேரில் எவ்வளவு பேசினாலும் பெரும்பாலும் திறக்காது. உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த 1.78 கிலோ இரண்டுக்கும் வரும் வியாழக்கிழமை கடைசி நாள் என்று இருக்கிறது, அவற்றை இன்றைக்கே போட்டுவிடுங்கள், மற்ற ஏழையும் படம் தயாரானதும் போடலாம். முதலில் தள்ளுபடியான அந்த ஒரு பார்சலும் இந்த ஏழில் ஒன்றுதான், அதற்கு மறு ஆட்சேபணை பட்டன் இல்லையென்றால் டிக்கெட் போட்டு இயந்திரம் எடுத்த படத்தை மட்டும் கேளுங்கள். படம் கொடுத்தால் கவரின் காது விஷயம் நான் சொன்னது சரியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

"ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று மெயில் வந்தாலும் வாலெட் கணக்கில் 1.78 கிலோ பார்சல் ஒவ்வொன்றின் ஏ.டபிள்யூ.பி. எண்ணிலும் 94.40 வரவாகியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 80 ரூபாய் மட்டும் வந்து ஜி.எஸ்.டி. நின்றுபோயிருந்தால் அதே டிக்கெட்டிலேயே மீதியையும் கேளுங்கள்.